அடிக்கடி மின்தடை: இன்வெர்ட்டரும் பேட்டரியுமா, சிறிய ஜெனரேட்டரா? (வேதாரண்யம் பக்கத்து வீடு ஒன்றுக்கு)

உப்பளத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் 78 வயதான என் மாமியார், இன்னொருவர் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள். இன்வெர்ட்டர் வாங்கலாம் என்பது என் எண்ணம். ஜெனரேட்டர்தான் வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

வாதத்தைத் தீர்ப்பதற்காக ஏப்ரல் மாதம் முழுவதும் மின்சாரம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் நாட்காட்டியிலேயே குறித்து வைத்தேன். பெரும்பாலான நாட்களில் இரண்டு அல்லது மூன்று முறை மின்சாரம் போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். மூன்று இரவுகளில் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரவில்லை. மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து போவதும் உண்டு. மூன்று மின்விசிறிகள், நான்கு எல்.இ.டி. விளக்குகள், வைஃபை ரூட்டர் ஆகியவை கட்டாயம் ஓட வேண்டும். 190 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடினால் நல்லது. ஒரு குதிரைத்திறன் போர்வெல் மோட்டாரும் இருக்கிறது. கையில் இருப்பது 35,000 ரூபாய். எதை வாங்குவது சரி?

தென்னந்தோப்பு

சகோதரி, நான் பேராவூரணிக்காரன். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் இன்வெர்ட்டர் இருந்தது. அன்று மாலையே நான்கும் கூவி அடங்கிவிட்டன. அதற்குப் பிறகு மின்கம்பம் நட்டு, கம்பி இழுத்து, எங்கள் பகுதிக்கு மின்சாரம் வருவதற்குள் மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. அத்தனை நாளும் என்னிடம் இருந்த 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர்தான் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் தண்ணீர் ஏற்றியது. பேட்டரி என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பானை. பானையை நிரப்பக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். ஜெனரேட்டர் என்றால் கிணறே உங்களுடையது.

எட்டாம் வாய்ப்பாடு

ஆசிரியை அவர்களே, கணக்கு மிக எளிது. 150 ஆம்பியர் மணி பேட்டரியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட் மணி. உங்கள் மூன்று விசிறிகளுக்கு 75 வாட் வீதம் 225, நான்கு விளக்குகளுக்கு 36, ரூட்டருக்கு 10, ஆக ஏறத்தாழ 270 வாட். 1800 ஐ 270 ஆல் வகுத்தால் ஆறு மணி நாற்பது நிமிடம். உங்களுடைய மிக நீண்ட மின்தடையே ஐந்து மணி நேரம் என்பதால் ஒரு பேட்டரியே தாராளம். ஜெனரேட்டர் பேச்சே வேண்டியதில்லை.

பீளமேடு

மோட்டார் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் லேத் இயந்திரங்களுக்காக 15 கே.வி.ஏ. மூன்று ஃபேஸ் டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். 2012 இல் கோவையில் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் தொழில் முடங்கிய காலத்தில் வாங்கியது. மோட்டார் உள்ள இடத்தில் டீசல் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். பெட்ரோல் ஜெனரேட்டர் திருவிழாப் பந்தலுக்குத்தான் சரி.

உப்பளத்து ஆசிரியை

பீளமேடு ஐயா, எங்களிடம் இருப்பது பட்டறை அல்ல, வீடு. மோட்டார் என்பது குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்கும் ஒற்றை ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் மட்டுமே. நாளைக்கு இருபது நிமிடம் ஓடினால் மேல்நிலைத் தொட்டி நிறைந்துவிடும்.

பழைய வயர்மேன்

அம்மா, கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கிறேன். மின்சாரம் போன நேரத்தோடு வந்த நேரத்தையும் நீங்கள் குறித்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. பலரும் எவ்வளவு நேரம் போகிறது என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நல்ல மின்சாரம் இருக்கிறது என்பதுதான் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முதலில் தம்பி போட்ட கணக்கைப் பார்ப்போம். பெருக்கல் சரி, ஆனால் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் 150 என்ற எண் ஒரு நிபந்தனையோடு வருவது. இருபது மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். வேகமாக எடுத்தால் அதே பேட்டரி குறைவாகத்தான் தரும். அடுத்து, இன்வெர்ட்டரே தனக்கென்று கொஞ்சம் தின்னும். நான் பழுது பார்க்கும் பெட்டிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளியே வந்தால் நல்ல பெட்டி என்பேன். எனவே 270 வாட் வேண்டுமானால் பேட்டரியிலிருந்து 340 வாட் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 28 ஆம்பியர் எடுக்க வேண்டும். அந்த வேகத்தில் புதிய 150 பேட்டரி 115 ஆம்பியர் மணி அளவுக்குத்தான் தரும். நான்கு மணி நேரம் ஓடும். இரண்டு ஆண்டு பழகிய பேட்டரி மூன்று மணி நேரத்தில் கூவத் தொடங்கும். கடைக்காரர்கள் சொல்லும் ஆறு மணி நேரம் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறது.

இனி திரும்ப ஏற்றும் கணக்கு. நான்கு மணி நேரம் எடுத்ததை நிரப்ப 130 ஆம்பியர் மணி அளவுக்கு உள்ளே போக வேண்டும், ஏனென்றால் ஏற்றும்போதும் கொஞ்சம் வீணாகும். உங்கள் இன்வெர்ட்டர் 15 ஆம்பியரில் ஏற்றினாலும், கடைசிப் பகுதி சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும் என்பதால் பத்துப் பதினோரு மணி நேரம் ஆகும். உங்கள் குறிப்பின்படி நாளைக்கு நான்கு மணி நேரம்தான் தடை என்றால், மீதி இருபது மணி நேரத்தில் இது தாராளமாக நிறையும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் உங்கள் வீட்டில் மின்னழுத்தம் எவ்வளவு இருக்கிறது? மல்டிமீட்டர் இருந்தால் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். அதைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

உப்பளத்து ஆசிரியை

ஐயா, பள்ளியின் ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டர் வாங்கிவந்து அளந்தேன். காலையில் 215 முதல் 225 வரை இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் 170 க்கு இறங்குகிறது. இரண்டு நாட்களில் 160 கூட வந்தது. இரவு பத்து மணிக்கு மேல்தான் மீண்டும் 200 ஐத் தொடுகிறது. விசிறி மெதுவாகச் சுற்றுவது எனக்குத் தெரியும், ஆனால் இது இன்வெர்ட்டரோடு தொடர்புள்ளது என்று நினைக்கவில்லை.

பழைய வயர்மேன்

நான் அஞ்சியது இதைத்தான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீண்டு வரும் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இதுதான் நிலைமை.

இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் சாதாரணம் அல்லது வைடு என்று எழுதியிருப்பார்கள். யு.பி.எஸ். பக்கம் இருந்தால், மின்னழுத்தம் 180 க்குக் கீழே போனதுமே பெட்டி அதை மின்தடை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், உங்கள் பேட்டரியோ மூன்று மணி நேரம் கரைந்துகொண்டிருக்கும். நீங்கள் நான்கு மணி நேரத் தடை என்று எழுதியது பேட்டரிக்கு ஏழு மணி நேரத் தடையாகிவிடும். அப்புறம் இரவு பதினொன்றுக்கு உண்மையாகவே மின்சாரம் போகும்போது பெட்டி இருபது நிமிடத்தில் கூவும். பேட்டரி மோசம் என்று திட்டிக்கொண்டு என் கடைக்கு வருபவர்களில் கணிசமானவர்களின் வீட்டில் குற்றவாளி பேட்டரியே அல்ல.

சுவிட்சை வைடு பக்கம் தள்ளினால் 100 வோல்ட் வரைக்கும் வெளி மின்சாரத்தையே ஏற்றுக்கொள்ளும். விசிறி மெதுவாகச் சுற்றும், ஆனால் பேட்டரி மிஞ்சும். கணினி வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, உங்களுக்கு ஒத்துவரும். ஃபிரிட்ஜை மட்டும் அந்த லைனில் சேர்க்காமல் தனி ஸ்டெபிலைசரோடு வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதோடு, நீங்கள் அளந்த எண்களை நாள், நேரம் போட்டு எழுதிப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். சில வேளைகளில் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே ஃபேஸில் தொங்கிக்கொண்டிருக்கும்; லைன்மேன் கம்பத்தில் ஏறி உங்கள் இணைப்பைச் சுமை குறைந்த ஃபேஸுக்கு மாற்றினாலே 20 வோல்ட் கூடும்.

தென்னந்தோப்பு

பார்த்தீர்களா, இவ்வளவு சிக்கல். ஜெனரேட்டருக்கு ஃபேஸும் கிடையாது, மாலை நேரமும் கிடையாது. கயிற்றை இழுத்தால் 230 வோல்ட். நான் அதைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் நடையில் வைத்திருக்கிறேன். மழை படாது, கதவைத் திறந்து வைத்தால் புகையும் போய்விடும். இருபக்கமும் பிளக் வைத்த ஒரு வயரால் ஹாலில் இருக்கும் பவர் சாக்கெட்டில் செருகிவிட்டால் வீடு முழுக்க விளக்கு எரியும். மெயினை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வயர்மேன்

அண்ணன் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எழுதிய கடைசி மூன்று வரிகளை யாரும் பின்பற்றிவிடக் கூடாது என்பதால் கடுமையாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகையின் நாற்றம் போய்விட்டது என்பதால் அந்த வாயுவும் போய்விட்டது என்று பொருள் இல்லை. தலை கனக்கும், குமட்டும், தூக்கம் வருவதுபோல் இருக்கும், தூங்குபவர்கள் எழுந்திருப்பதில்லை. ஒரு கதவோ இரண்டு சன்னல்களோ திறந்திருப்பது போதாது. வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து இருபதடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். மழைக்கு மேலே மட்டும் தகரக் கூரை போடுங்கள், பக்கங்களை அடைக்காதீர்கள்.

இருபக்கப் பிளக் வயர் அதைவிட மோசம். ஒரு நாள் மெயினை அணைக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் போய் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியேறும். புயலுக்குப் பின் கம்பத்தில் ஏறியிருப்பவர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி வெறுங்கையால் தொடுவார். வயரின் ஒரு முனை கழன்றாலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் ஊசிகளில் உங்கள் பேரன் கை வைப்பான். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இரண்டு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று போட்டால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இணைய முடியும். மறதிக்கு அங்கே இடமே இல்லை. வீட்டின் அளவுக்கு 40 ஆம்பியர் சுவிட்ச் போதும்.

தென்னந்தோப்பு

லைன்மேன் விஷயம் என் புத்திக்கு எட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நடையில் வைத்து ஆறு வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய வயர்மேன்

காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைப் பொறுத்து ஆகாமல் இருந்திருக்கிறது. தயவுசெய்து வெளியே எடுத்து வையுங்கள்.

வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தென்னந்தோப்பு அண்ணன் கிணறே உங்களுடையது என்று எழுதியதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. எங்களிடமும் சிறிய மின்பிறப்பாக்கி ஒன்று இருந்தது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. மின்சாரம் இல்லாததற்கும் பெற்றோல் இல்லாததற்கும் காரணம் ஒன்றுதான். எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. எரிபொருள் நிலையத்தில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன, கான்களில் ஊற்றித் தர மறுத்தார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்து வாகனத்துக்கு வாரப் பங்கு என்று ஆனது. மோட்டார் சைக்கிளின் பங்கிலிருந்து உறிஞ்சி எடுத்து மின்பிறப்பாக்கிக்கு ஊற்றினால் வேலைக்குப் போக முடியாது. அந்த ஐந்தாறு மாதமும் அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது.

எங்களைக் காப்பாற்றியது, என் தம்பி பழைய கார் பற்றரியில் இரண்டு 12 வோல்ட் விளக்குகளும் ஒரு சிறிய மேசை விசிறியும் கட்டித் தந்ததுதான். கார் பற்றரி அதற்கென்று செய்யப்பட்டதல்ல, எட்டு மாதத்தில் செத்துப்போனது. ஆனாலும் அந்த எட்டு மாதம்தான் வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் நிலைமை வேறு என்பது தெரியும். மின்சாரமும் பெற்றோலும் ஒரே நேரத்தில் நின்றுபோக வாய்ப்பு உண்டா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்பு

உண்டு, நேர்மையாகச் சொல்ல வேண்டும். கஜாவின்போது முதல் மூன்று நாள் எங்கள் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் மின்சாரம் இல்லாமல் பம்ப் ஓடவில்லை. சாலையிலும் மரங்கள் விழுந்து கிடந்தன. தோப்புக்கு மருந்தடிக்கும் இயந்திரத்துக்காக வைத்திருந்த பத்து லிட்டர்தான் கைகொடுத்தது. 2 கே.வி.ஏ. முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். வெறும் நான்கு விளக்குக்கும் விசிறிக்கும் ஓட்டினாலும் அரை லிட்டருக்குக் கீழே இறங்காது.

உப்பளத்து ஆசிரியை

அப்படியானால் அன்றாடத் தடைக்கு ஜெனரேட்டர் என்றால், நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர், அதாவது இன்றைய விலையில் சுமார் 200 ரூபாய், மாதம் 6,000 ரூபாய் ஆகிறது. தவிரவும், நள்ளிரவு ஒரு மணிக்கு மின்சாரம் போனால் எழுந்து வெளியே போய்க் கயிற்றை இழுப்பது யார் என்ற கேள்விக்கு என் கணவரிடம் பதில் இல்லை. இன்வெர்ட்டர் என்ற முடிவுக்கு வந்துவிட்டோம். ஆனால் மழைக்காலத்து மூன்று நாளும் தண்ணீரும் இன்னும் தீரவில்லை. வயர்மேன் ஐயா, அந்த ஒரு குதிரைத்திறன் மோட்டாரை 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இழுக்குமா?

தென்னந்தோப்பு

இழுக்கும். என்னுடையது இழுத்திருக்கிறது.

பழைய வயர்மேன்

உங்களுடையது என்ன மோட்டார் என்று தெரியாது. மேலே தரையில் இருக்கும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரை இழுக்கும். போர்வெல்லின் ஆழத்தில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழு எட்டு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல நான்கைந்து மடங்கு கேட்கும். 2 கே.வி.ஏ. இருமும், மின்னழுத்தம் பாதாளத்துக்குப் போகும், மோட்டார் கிளம்பாமல் முனகும். பத்து நொடி முனகவிட்டால் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் கண்டென்சர் வெடிக்கும். அதற்கு மேலும் விட்டால் காயில் கருகி, மோட்டாரைக் குழாயோடு மேலே தூக்க வேண்டிவரும். நான் 3 கே.வி.ஏ. க்குக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அது உங்கள் பணத்துக்குள் வராது.

தண்ணீருக்கு வேறு வழி பாருங்கள். உங்கள் தொட்டி எத்தனை லிட்டர்?

உப்பளத்து ஆசிரியை

ஆயிரம் லிட்டர். நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு லிட்டர் செலவாகிறது.

பழைய வயர்மேன்

அப்படியானால் அதே போல இன்னொரு ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைப் பக்கத்தில் வைத்து, அடியில் குழாயால் இணைத்துவிடுங்கள். தளம் அந்த ஒரு டன் எடையைத் தாங்குமா என்று கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தூண்களுக்கு மேலாகப் பார்த்து வையுங்கள். மோட்டாரைக் காலையில், மின்னழுத்தம் 215 க்கு மேல் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். மாலை 165 வோல்ட்டில் ஓட்டினால் அதுவும் கருகும். சிக்கனமாக இருந்தால் நான்கு நாள் தண்ணீர் கையில் இருக்கும். ஒரு ஜெனரேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் தொட்டியின் விலை எங்கேயோ கீழே இருக்கிறது, அதற்குப் பெட்ரோலும் வேண்டாம்.

தென்னந்தோப்பு

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கஜா சமயத்தில் மைக்செட் கடைக்காரர்கள் பெரிய ஜெனரேட்டரைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், தொட்டிக்கு இவ்வளவு என்று பேசித் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். பெரிய தொட்டி வைத்திருந்தவர்களுக்குத்தான் அது கட்டுப்படியானது.

பீளமேடு

முதலில் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். இன்வெர்ட்டர்தான் என்றால் ஒன்று சொல்கிறேன்: என் வீட்டில் கடந்த ஆண்டு லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டேன். 100 ஆம்பியர் மணிதான், ஆனால் ஏறத்தாழ முழுவதையும் எடுக்கலாம், நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. திரும்ப ஏற்றும் நேரம்தான் முக்கியம் என்று ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால், லித்தியம்தான் சரியான விடையாகப் படுகிறது.

பழைய வயர்மேன்

ஏற்றும் வேகத்தில் நீங்கள் சொல்வது சரி. நாளெல்லாம் இரண்டு மணி நேரம் வந்து இரண்டு மணி நேரம் போகும் ஊர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். அரைகுறையாகவே நிறைந்துகொண்டிருந்தால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து, டியூபுலர் பேட்டரி இரண்டு ஆண்டிலேயே படுத்துவிடும். ஆனால் ஆசிரியை வீட்டில் இரவு பத்து முதல் மறுநாள் மாலை வரை நல்ல மின்சாரம் பெரும்பாலும் இருக்கிறது. ஈயப் பேட்டரிக்கென்று செய்த பெட்டியில் லித்தியத்தை மாட்டவும் கூடாது, அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். பழுதானால் பக்கத்து ஊரில் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதும் கேள்வி. ஈயப் பேட்டரி செத்தாலும் பழைய விலைக்கு நாலாயிரம் ஐயாயிரம் திரும்ப வரும்.

பீளமேடு

எட்டு ஆண்டு உழைத்தால் அந்தக் கணக்கு மாறிவிடுமே.

பழைய வயர்மேன்

எட்டு ஆண்டு உழைத்த ஒன்றை என் கண்ணால் பார்த்த பிறகு நானும் மாறுகிறேன். பணம் மிச்சம் இருந்தால் அதைவிட நல்ல செலவு ஒன்று இருக்கிறது: மூன்று விசிறிகளையும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றுவது. ஒவ்வொன்றும் 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்தான் எடுக்கும். மொத்தச் சுமை 270 இலிருந்து 136 க்கு இறங்கும், பேட்டரியிலிருந்து எடுப்பது 14 ஆம்பியர் ஆகும். மெதுவாக எடுப்பதால் பேட்டரியும் கூடுதலாகத் தரும்; நான்கு மணி நேரம் ஓடியது ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஓடும். இரண்டாவது பேட்டரி வாங்குவதை விட இது மலிவு.

எட்டாம் வாய்ப்பாடு

சுமை பாதியானால் நேரம் இரண்டு மடங்குதானே ஆக வேண்டும், அதற்கும் மேலே எப்படிப் போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருபது மணி நேர நிபந்தனை என்று ஐயா முதலில் சொன்னது இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. என் முதல் கணக்கை யாரும் நம்பி வாங்கிவிட வேண்டாம்.

இன்னொரு யோசனை. மழைக்காலத்து மூன்று நாளுக்கு, 1 கே.வி.ஏ. சிறிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து அதை இன்வெர்ட்டரின் பிளக்கில் இணைத்துப் பேட்டரியை நிரப்பிவிட்டால் என்ன? பகலில் நான்கு மணி நேரம் ஓட்டினால் இரவு முழுக்கச் சத்தம் இல்லாமல் தூங்கலாம்.

பழைய வயர்மேன்

தம்பி, இது நல்ல யோசனை, நானே செய்து கொடுத்திருக்கிறேன். நான்கு மணி நேரத்தில் 15 ஆம்பியர் வீதம் 60 ஆம்பியர் மணி உள்ளே போகும், பி.எல்.டி.சி. விசிறி வைத்தால் அது நான்கு மணி நேரத்துக்கு எல்லாவற்றையும் ஓட்டும், விசிறியும் ஒரு விளக்கும் மட்டும் என்றால் இன்னும் கூடுதல். பேட்டரியை முழுவதும் நிரப்ப முயலாதீர்கள். கடைசி இருபது சதவீதம் மெல்லத்தான் ஏறும், ஜெனரேட்டரோ அதே பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும். அது ஓடும்போதே ஃபிரிட்ஜையும் அதில் மாட்டி, கைபேசிகளையும் நிரப்பிக்கொண்டால் ஊற்றிய பெட்ரோலுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் ஃபிரிட்ஜ் கிளம்பும்போது 1 கே.வி.ஏ. திணறினால் அதை விட்டுவிடுங்கள்.

இங்கேயும் அதே பின்பக்கச் சுவிட்ச்தான் குறுக்கே வரும். மலிவான ஜெனரேட்டரின் அலை சீராக இருக்காது, யு.பி.எஸ். பக்கம் வைத்தால் பெட்டி அதை ஏற்காமல் டக்டக்கென்று மாறிமாறி அடிக்கும். வைடு பக்கம் வைத்தால் பெரும்பாலும் ஏற்கும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு ஜெனரேட்டரோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உப்பளத்து ஆசிரியை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 900 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியும் 23,500 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டு பி.எல்.டி.சி. விசிறிகள் 6,200 ரூபாய். மூன்றாவது விசிறி அடுத்த மாதம். இரண்டாவது தொட்டிக்குக் கொத்தனார் இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கணவர் மட்டும் ஜெனரேட்டரை முழுதாகக் கைவிடவில்லை. ஐப்பசி வந்தால் தெரியும் என்கிறார்.

ஐயா சொன்னபடி சுவிட்சை வைடு பக்கம் வைத்த நாளிலிருந்து மாலையில் பெட்டி தாவுவது நின்றுவிட்டது. போன செவ்வாய் இரவு ஐந்தரை மணி நேரம் மின்சாரம் இல்லை. மாமியார் விழிக்கவே இல்லை. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் யாரும் வரவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். ஹைட்ரோமீட்டர் வாங்கிப் பேட்டரியின் ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தியை அளந்தேன். ஐந்தில் 1.240 காட்டுகிறது, ஒன்றில் மட்டும் 1.225. மேலும், முனைகளில் ஏற்கெனவே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பேட்டரியில் குறையா, உப்புக் காற்றா?

பழைய வயர்மேன்

முனையில் பூப்பதற்குக் கசிந்த அமிலம்தான் முதல் காரணம். உப்பளத்துக் காற்று அதைச் சீக்கிரமாக்கும். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, முனைகளைக் கழற்றி வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். அறைகளின் மூடிகளைத் திறக்காமல் கழுவுங்கள், ஒரு சொட்டு வெந்நீர்கூட உள்ளே போகக் கூடாது. குடிநீர் இயந்திரத்துத் தண்ணீரையும் ஊற்றிவிடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

15 புள்ளி வித்தியாசம் புதிய பேட்டரியில் இருக்கலாம். மின்சாரம் போகாத இரண்டு இரவுகள் முழுமையாக நிறையவிட்டு, காலையில் மீண்டும் அளந்து ஆறு எண்களையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்த ஓர் அறை மட்டும் மற்றவற்றிலிருந்து 50 புள்ளி தள்ளிப் போனால், கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள். உத்தரவாத அட்டையோடு பேட்டரியைத் திருப்பிக் கொடுங்கள்.

உப்பளத்து ஆசிரியை

நேற்றும் இன்றும் மின்சாரம் போகவில்லை. இன்று காலை அந்த அறை 1.230. நாளை மறுநாள் மறுபடியும் அளந்து எழுதுகிறேன்.